முதல் மெயிலுக்கு சப்ஜெக்ட் எழுதுவது எப்படி: கோகோபீட் ஏற்றுமதியை வைத்து ஒரு செய்முறை

பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்க்கழிவை அழுத்தி கோகோபீட் பிளாக் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களில் பலர் கேட்கும் கேள்வி இது: "மெயில் அனுப்புகிறோம், பதிலே வருவதில்லை." அனுப்பிய மெயிலைக் காட்டச் சொன்னால், பெரும்பாலும் சப்ஜெக்ட் இப்படி இருக்கும்:

```
BEST QUALITY COCOPEAT SUPPLIER FROM INDIA!!!
```

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதே காலையில் அந்த பையருக்கு வந்த மற்ற மெயில்களிலும் இதுவேதான் எழுதியிருக்கும். எதைத் திறப்பது என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியாது.

என் கருத்தில் சப்ஜெக்ட் என்பது விளம்பரம் இல்லை, மளிகைக் கடை டப்பாவில் ஒட்டும் சீட்டு. முதல் மெயில் போகும் நாளில் பையருக்குச் சரக்கு தேவைப்படுவது அபூர்வம். மூன்று மாதம் கழித்து அவருடைய வழக்கமான சப்ளையர் கண்டெய்னரைத் தாமதப்படுத்துவார். அப்போது இவர் இன்பாக்ஸில் coir 5 kg என்று தேடுவார். அந்தத் தேடலில் உங்கள் மெயில் மேலே வர வேண்டும்.

முதல் வேலை: பையர் என்ன விற்கிறார் என்று பாருங்கள்

இங்கிலாந்தில் ஸ்ட்ராபெரி வளர்ப்பவர்களுக்கு குரோ பேக் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுடைய தளத்தில் பொருளின் பெயர் coir என்று இருந்தால் நீங்களும் coir என்றே எழுதுங்கள், cocopeat வேண்டாம். அவர் தேடப்போவதும் அதைத்தான்.

பொருள் விவரத்தில் buffered என்று வருகிறதா என்றும் பாருங்கள். நார்க்கழிவு தன்னிடம் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பிடித்து வைத்திருக்கும். அப்படியே பயன்படுத்தினால், செடிக்குப் போட்ட கால்சியத்தை அது தனக்கு இழுத்துக்கொண்டு இவற்றை வெளியே விடும். கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊற வைத்து, பிறகு கழுவி எடுப்பதுதான் பஃபரிங். ஸ்ட்ராபெரிக்காரர் முதலில் கேட்பது இதைத்தான். தோட்டக்கலைக் கடைகளுக்குச் சின்ன பிளாக் விற்பவருக்கு எழுதினால் இதே சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு இருக்காது. அங்கே பேக்கிங் அளவு முன்னால் வரட்டும்.

இரண்டாவது வேலை: எந்த எண் முன்னால் வர வேண்டும்?

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான். சொல்ல நம்மிடம் எண்கள் நிறைய இருக்கும்: பிளாக் எடை, அளவு, ஈரப்பதம், ஈ.சி., பி.எச்., கண்டெய்னருக்கு எத்தனை டன். எல்லாவற்றையும் சப்ஜெக்டில் நுழைத்தால் எதுவும் கண்ணில் படாது.

நான் வைத்துக்கொண்ட விதி: அந்த எண் தவறினால் பையர் சரக்கைத் திருப்பி அனுப்புவாரா? திருப்புவார் என்றால் அது சப்ஜெக்டுக்கு வரட்டும். செடி வளர்ப்பவருக்கு அது ஈ.சி., அதாவது உப்பின் அளவு. எடை அடையாளத்துக்கு மட்டும். மற்றவை மெயிலுக்குள் போகட்டும்.

"low EC" என்று எழுதாதீர்கள், எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எண்ணைப் போடுங்கள். ஆனால் எண்ணைப் போட்டதும் அடுத்த சிக்கல் வரும். நம் ஊர் லேபில் பெரும்பாலும் ஒரு பங்கு கோகோபீட்டுக்கு ஐந்து பங்கு தண்ணீர் என்று அளப்பார்கள். நெதர்லாந்துக்காரர்கள் ஒரு பங்குக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர் என்ற முறையைப் பார்ப்பார்கள். தண்ணீர் குறைந்தால் உப்பு அடர்த்தியாகும், அதனால் அதே சரக்குக்கு அந்த முறையில் எண் கூடுதலாக வரும். நம் 0.5 அவர்கள் லேபில் 0.5 ஆக வராது. எனவே சப்ஜெக்டில் எண், மெயிலின் முதல் வரியில் அளந்த முறை. இரண்டையும் சப்ஜெக்டில் திணிக்க வேண்டாம்.

மூன்றாவது வேலை: எழுதிப் பாருங்கள்

```
Buffered coir 5 kg blocks, EC below 0.5, India
```

மொத்தம் 46 எழுத்து. போனில் எத்தனை எழுத்து தெரியும் என்பது போனைப் பொறுத்தது. முப்பது, நாற்பதுக்கு மேல் நம்ப முடியாது. இங்கே முதல் 25 எழுத்துக்குள்ளேயே பொருளும் எடையும் வந்துவிட்டன. India வெட்டுப்பட்டால் நஷ்டமில்லை. அதற்குப் பதில் FOB Tuticorin என்று போடலாமா? ஏற்கெனவே இறக்குமதி செய்பவர் என்று தெரிந்தால் போடுங்கள், தூத்துக்குடியிலிருந்து கப்பல் வாடகை எவ்வளவு என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

முழுக்கப் பெரிய எழுத்து, ஆச்சரியக்குறி, Dear Sir, Urgent, Business proposal எதுவும் வேண்டாம். முன்பு பேசியது போலத் தோன்ற Re: போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. திறந்த நொடியில் குட்டு வெளிப்படும். அமெரிக்காவில் 2003-ல் வந்த CAN-SPAM சட்டம் ஏமாற்றும் சப்ஜெக்டைத் தடை செய்திருக்கிறது.

நான்காவது வேலை: சப்ஜெக்டின் அக்கம்பக்கம்

பையர் கண்ணில் முதலில் படுவது அனுப்புநர் பெயர், அப்புறம்தான் சப்ஜெக்ட். அங்கே sales என்றோ info என்றோ இருக்க வேண்டாம். ஆளின் பெயர், கூடவே நிறுவனப் பெயர். சப்ஜெக்டுக்குப் பக்கத்தில் மெயிலின் முதல் வரியும் கொஞ்சம் தெரியும். "Greetings from India, hope you are doing well" என்று ஆரம்பித்தால் அந்த இடம் வீண். இப்படி ஆரம்பியுங்கள்:

```
EC 0.5 mS/cm is by 1:5 method; lab report on request.
```

முதல் மெயிலில் எதையும் இணைக்காதீர்கள்.

கருவி என்று கேட்டால், ஒரு நோட்பேடும் உங்கள் நிறுவன டொமைன் மெயிலும் போதும். மொத்தமாக அனுப்பும் சேவைகள் எனக்குப் பிடிக்காது. அவை காட்டும் "திறக்கப்பட்டது" கணக்கையும் நான் பார்ப்பதில்லை. 2021-லிருந்து ஆப்பிள் மெயிலில் தனியுரிமைப் பாதுகாப்பு வந்த பிறகு, ஆள் திறக்காவிட்டாலும் அங்கே திறந்ததாகக் காட்டக்கூடும். பதில் வந்ததா என்பதுதான் கணக்கு. மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் SPF, DKIM அமைப்புகள் இரண்டும் டொமைனில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் சப்ஜெக்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மெயில் ஸ்பாமுக்குப் போகலாம். அனுப்பும் முன் உங்கள் போனுக்கே ஒன்று அனுப்பி, மெயிலைத் திறக்காமல் லாக் ஸ்கிரீனில் வாசித்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை

below என்பதற்குப் பதில் `<0.5` என்று போட்ட ஒரு நண்பர் கமென்டில் எழுதியிருந்தார்: அவர் பயன்படுத்தும் மெயில் கருவி அந்தக் குறியிலிருந்து மீதி சப்ஜெக்டை விழுங்கிவிட்டதாம். சில கருவிகள் `<` வந்தாலே எச்.டி.எம்.எல். குறி என்று நினைத்து வெட்டிவிடும். below என்றே எழுதுங்கள்.

விலையைச் சப்ஜெக்டில் போடலாமா என்று இன்னொருவர் கேட்டார். வேண்டாம். பையர் மூன்று மாதம் கழித்துத் தேடி எடுக்கும்போது அந்த விலை செல்லாது, ஆனால் அவர் அதையே பிடித்துக்கொண்டு பேரம் பேசுவார்.

ஜெர்மனிக்கு அனுப்புகிறவர்கள் கவனிக்க: அங்கே நிறுவனங்களுக்கும்கூட, முன் ஒப்புதல் இல்லாமல் விளம்பர மெயில் அனுப்பச் சட்டம் இடம் தருவதில்லை. போனில் பேசியோ, கண்காட்சியில் பார்த்தோ கேட்டுவிட்டு அனுப்புங்கள். அப்போது சப்ஜெக்டில் India இருக்கும் இடத்தில் as discussed என்று உண்மையாகவே எழுதலாம்.

பதில் வராவிட்டால் புது சப்ஜெக்டில் எழுதாதீர்கள். பத்து நாள் கழித்து, அனுப்பிய அதே மெயிலுக்கே ரிப்ளை போட்டு, லேப் ரிப்போர்ட்டின் தேதியை மட்டும் ஒரு வரியில் சேருங்கள்.