மாரத்தானும் டெட்லிஃப்டும்: சனிக்கிழமை சாயங்காலம் செய்யும் தவறு

பாளையங்கோட்டைப் பக்கம் புதிதாக ஓட வருகிறவர்களில் பலர் ஜிம்முக்கும் போகிறார்கள். ஷூ, பெல்ட் பற்றியெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். வாரத்தை எப்படி அடுக்குவது என்பதில்தான் எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள்.

நெடு ஓட்டத்துக்கு முந்தின நாள் டெட்லிஃப்ட்

ஒருவரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். மாரத்தான் 4 மணி 15 நிமிடத்திலிருந்து 3 மணி 55 நிமிடம் ஆக வேண்டும். அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 5 நிமிடம் 34 வினாடி. எடை மாட்டிய பாரைத் தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட் 120 கிலோவிலிருந்து 140 ஆக வேண்டும். சனிக்கிழமை வேலை சீக்கிரம் முடிகிறது என்று அன்று சாயங்காலம் கனமாகத் தூக்குகிறார். ஞாயிறு விடியற்காலை திருச்செந்தூர் ரோட்டில் கிருஷ்ணாபுரம் தாண்டிப் போய்த் திரும்புகிறார், 26 கிலோமீட்டர். திரும்பி வி.எம்.சத்திரம் நெருங்கும்போது காலடி நீளம் குறுகிவிடுகிறது, இடுப்பு இறங்கிவிடுகிறது. "வெயில் அண்ணாச்சி" என்கிறார்.

வெயில் இல்லை. நம்ம ஊர் வெயில் அடித்தால் வேகம் குறையும்போதே இதயத்துடிப்பு ஏறும். துடிப்பு ஏறாமல், மூச்சும் வாங்காமல், கால் மட்டும் வராவிட்டால் அது முந்தின நாள் டெட்லிஃப்டின் வேலை. தொடையின் பின்தசையும் புட்டத் தசையும் முதுகும்தான் இரண்டுக்கும் உழைக்கின்றன. கனமாகத் தூக்கிய பிறகு அவை தேற ஒன்றிரண்டு நாள் ஆகும். அந்த நிலையில் 26 ஓடினால் செவ்வாய்க்கிழமை பார் தரையை விட்டே கிளம்பாது. இரண்டு இலக்கும் முன்னேறாமல் நின்றுபோகும். இதைப் பார்க்கும்போதுதான் எரிச்சலாக வருகிறது, ஏனென்றால் கிழமையை மாற்றினாலே தீர்கிற விஷயம் இது.

கடினமானதைக் கடினமான நாளோடு சேருங்கள். செவ்வாய் காலை வேக ஓட்டம், நன்றாகச் சாப்பிட்டு, ஆறு மணி நேரமாவது விட்டு, சாயங்காலம் டெட்லிஃப்ட்: 100 கிலோவில் மும்மூன்று தடவை, நாலு செட். புதன் முழு ஓய்வு, அல்லது பேசிக்கொண்டே ஓடக்கூடிய 40 நிமிடம். வியாழன் காலை மாரத்தான் வேகத்தில் 8 கிலோமீட்டர், சாயங்காலம் 70 கிலோவில் இரண்டு செட். வெள்ளி லேசான ஓட்டம், சனி ஓய்வு, ஞாயிறு நெடு ஓட்டம். ஓட்டத்தை முதலில் வைப்பது, மாரத்தான் முக்கியம் என்பதால். 140-தான் முக்கியம் என்றால் காலையில் பார், சாயங்காலம் ஓட்டம்.

இரண்டையும் ஒரே மாதத்தில் ஏற்றுவது

இதுவும் தவறுதான். முதல் எட்டு வாரம் பாரில் எடையை ஏற்றுங்கள். ஓட்டம் இருக்கிற அளவிலேயே இருக்கட்டும். அடுத்த பன்னிரண்டு வாரம் ஓட்டம் ஏறட்டும். அப்போது டெட்லிஃப்ட் வாரம் ஒரு தடவை, இரண்டு செட் போதும், ஆனால் எடையைக் குறைக்கக் கூடாது. செட்டைக் குறைத்தாலும் எடை இருந்தால் பலம் குறையாது.

கூடவே உடம்பைக் குறைப்பது

மூன்றாவது இலக்கு வேண்டாம்.

போட்டி வாரத்தில் தூக்கிப் பார்ப்பது

கடைசிக் கனமான டெட்லிஃப்ட் போட்டிக்குப் பத்து நாள் முன்பு. அதற்குப் பிறகு வெறும் பாரில் இடுப்பை மடக்கிப் பழகினால் போதும்.