தீபாவளி மெயில் பட்டியலைப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆன்லைனில் கைத்தறித் துணி விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். சேலை, வேட்டி, குழந்தைகளுக்குப் பாவாடை சட்டை விற்கிறார்கள். பட்டியலில் 4,200 மெயில் முகவரிகள் இருக்கின்றன. இந்தத் தீபாவளிக்கு, முன்பு யார் என்ன வாங்கினார்கள் என்று பார்த்துப் பிரித்து, மெயிலின் முதல் வரியை மட்டும் பிரிவுக்குப் பிரிவு மாற்றி எழுதலாம் என்று முடிவு செய்கிறார்கள். கீழே உள்ள படங்களும் விலைகளும் எல்லோருக்கும் ஒன்றுதான். நல்ல முடிவு. ஆனால் அந்த ஒரு வரி, "உங்களைப் பற்றி எங்களுக்கு இது தெரியும்" என்று சொல்லும் வரி. தெரிந்தது தப்பாக இருந்தால், வெறும் வாழ்த்தை அனுப்பியிருந்தாலே மேல் என்றாகிவிடும்.

"அக்டோபரில் வாங்கியவர்கள்" என்று எடுப்பது

தீபாவளி ஆண்டுதோறும் இடம் மாறும். 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20, 2026-ல் நவம்பர் 8. ஆர்டர் பட்டியலில் அக்டோபர் 1 முதல் 31 வரை என்று வடிகட்டினால், 2023-ல் கடைசி 12 நாள் விற்பனை விட்டுப்போகும். 2025-லோ தீபாவளி முடிந்த பிறகு வாங்கியவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். அவர்கள் பண்டிகைக்காக வாங்கியவர்கள் அல்ல; மிச்சச் சரக்குத் தள்ளுபடிக்கு வந்தவர்களாக இருக்கலாம்.

தீபாவளி நாளிலிருந்து பின்னோக்கி 35 நாள் எண்ணுங்கள். 2023-க்கு அக்டோபர் 8 முதல் நவம்பர் 12 வரை, 2024-க்கு செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 31 வரை, 2025-க்கு செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 20 வரை. 35 என்பது எழுதிவைத்த விதி அல்ல. தைக்கக் கொடுக்க வேண்டிய துணி விற்பவர்கள் இன்னும் பத்து நாள் கூட்டிக்கொள்ளலாம். பலகாரம் விற்பவர்களுக்குப் பாதி போதும்.

வரிசைகளை ஆர்டர்களாக எண்ணுவது

ஆன்லைன் கடை நடத்தும் தளமான ஷாப்பிஃபையிலிருந்து ஆர்டர்களை எக்செலுக்கு இறக்கினால், ஒரே ஆர்டரில் மூன்று பொருள் இருந்தால் மூன்று வரிசை வரும். ஆர்டர் எண்ணும் மெயில் முகவரியும் மூன்றிலும் இருக்கும். மொத்தத் தொகை, முகவரி போன்றவை முதல் வரிசையில் மட்டும் இருக்கும். வரிசைகளை எண்ணி "மூன்று முறை வாங்கியவர்" என்று முடிவு கட்டினால், ஒரே ஒருமுறை வந்தவருக்கு "ஆண்டுதோறும் எங்களிடம் வாங்கும் உங்களுக்கு" என்று மெயில் போகும். ஆர்டர் எண்ணை வைத்துத்தான் எண்ண வேண்டும்.

அதே கோப்பில் `Cancelled at`, `Refunded Amount` என்ற இரண்டு பத்திகளை யாரும் பார்ப்பதில்லை. சாயம் போகிறது என்று சேலையைத் திருப்பி அனுப்பியவருக்கு, "சென்ற ஆண்டு நீங்கள் ஆசையாக எடுத்த சேலை" என்று எழுதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் பத்தியில் தேதி இருந்தாலோ, இரண்டாவதில் பூஜ்யத்துக்கு மேல் தொகை இருந்தாலோ அந்த ஆர்டரை வாங்கியதாகவே கணக்கில் எடுக்காதீர்கள்.

எக்செலில் ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்துவது இன்னொரு ஆபத்து. மெயில் முகவரிகள் அகரவரிசைக்கு வந்துவிடும், பொருள்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். கோப்பு பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஒருவர் வாங்கியது இன்னொருவர் பெயரில் ஏறியிருக்கும். வரிசைப்படுத்திய பின் ஐந்து முகவரிகளை எடுத்து, கடையின் ஆர்டர் பக்கத்தில் தேடி ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்தே நிமிட வேலை.

ஒருவரை மூன்று பிரிவில் வைப்பது

நம் கடை ஐந்து பிரிவாகப் பிரிக்கிறது: வெளியூருக்கு அனுப்பியவர்கள், வீட்டுக்கே மொத்தமாக எடுத்தவர்கள், ஒரு சேலை மட்டும் எடுத்தவர்கள், தீபாவளி அல்லாத காலத்தில் மட்டும் வாங்கியவர்கள், இரண்டு ஆண்டுக்கு மேல் எதுவுமே வாங்காதவர்கள். ஆனால் 2024-ல் அம்மாவுக்கு மதுரைக்கு ஒரு சேலை அனுப்பி, 2025-ல் வீட்டுக்கு ஆறு உருப்படி எடுத்த ஒருவர் எதில் சேர்வார்? முடிவு செய்யாமல் விட்டால் இரண்டிலும் இருப்பார். ஒரே காலையில் இரண்டு மெயில் போகும். இரண்டும் வேறு வேறு ஆளைக் கூப்பிடுவதுபோல் இருக்கும்.

ஆகவே முதலில் முன்னுரிமை வரிசை வேண்டும். இரண்டு ஆண்டாக எதுவும் வாங்காதவர்களைத் தனியே எடுத்துவிடுங்கள். மீதியில் வெளியூருக்கு அனுப்பியவர்கள் முதலில். அனுப்பக் கூடுதல் நாள் பிடிப்பதால் அவர்களுக்குத்தான் கெடு முந்தி வரும். பிறகு மொத்தமாக எடுத்தவர்கள், அடுத்து ஒரு சேலைக்காரர்கள், கடைசியில் மற்றவர்கள். மேலே ஒரு பிரிவில் விழுந்தவரைக் கீழே தேடக் கூடாது. இப்படிப் பிரித்ததில் வெளியூர் 380, மொத்தமாக எடுத்தவர்கள் 610, ஒரு சேலை 1,450, தீபாவளிக்கு வாங்காதவர்கள் 900, பழையவர்கள் 860 என்று வருகிறது. கூட்டினால் சரியாக 4,200 வர வேண்டும். அதிகமாக வந்தால் யாரோ இரண்டு இடத்தில் இருக்கிறார். குறைந்தால் யாரோ விட்டுப்போயிருக்கிறார்.

ஐந்துக்கு மேல் பிரிக்கத் தோன்றும். சுங்குடி வாங்கியவர், பட்டு வாங்கியவர், கோயம்புத்தூர்க்காரர் என்று போய்க்கொண்டே இருக்கலாம். இரண்டு பிரிவுக்கும் எழுதிய வரியை இடம் மாற்றிப் போட்டாலும் பொருந்துகிறது என்றால் அவை இரண்டு பிரிவு அல்ல.

ஆர்டர் சொல்லாததை வரி சொல்வது

தவறுகளில் பெரியது இதுதான். பணம் கட்டியவரின் பின்கோடு ஒன்று, பார்சல் போன பின்கோடு வேறு என்றால் உடனே "பரிசு" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். அவர் அலுவலக முகவரிக்கு வரவழைத்திருக்கலாம். பெங்களூரில் வேலை பார்ப்பவர், ஊருக்குப் போய் உடுத்திக்கொள்ள அப்பா வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். பின்கோடும் பெறுபவர் பெயரும் இரண்டுமே மாறியிருந்தால் மட்டும் இந்தப் பிரிவில் சேருங்கள். அப்போதும் பரிசு என்று எழுத வேண்டாம். ஆர்டர் நிரூபிப்பது, வேறு ஒருவர் பெயருக்கு வேறு ஊருக்குப் போனது என்பதை மட்டும்தான். "முன்பு தீபாவளிக்கு எங்களிடமிருந்து வெளியூருக்குத் துணி அனுப்பினீர்கள். இந்த முறையும் அனுப்புவதாக இருந்தால் அக்டோபர் 28-க்குள் ஆர்டர் வந்தால் நேரத்துக்குச் சேர்ப்போம்." இதில் ஊகம் எதுவும் இல்லை; படிப்பவருக்கு வேண்டிய தேதியும் இருக்கிறது. தேதியை உங்கள் கூரியர் எடுக்கும் நாள்களை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

தலைதீபாவளி இன்னொரு பொறி. பட்டுச் சேலையும் பட்டு வேட்டியும் சேர்த்து எடுத்தவருக்கு இந்த ஆண்டும் "தலைதீபாவளிச் சீர்" என்று எழுத முடியாது. அது ஒருமுறைதான் வரும். பட்டை அடுத்த ஆண்டே மறுபடி எடுப்பவர்களும் குறைவு. பருத்தி வேட்டியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஆண்டு வாங்குவார்கள், அதனால் "அதே வேட்டி இந்த ஆண்டும் இருக்கிறது" என்பது அங்கே உதவியான வரி. குழந்தைத் துணியில் நேர் எதிர். சென்ற ஆண்டு 24 அளவுப் பாவாடை சட்டை எடுத்த வீட்டில், இந்த ஆண்டு வேண்டவே வேண்டாத அளவு 24தான். மொத்தமாக எடுத்தவர்களுக்கு இப்படி எழுதலாம்: "பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள். பாவாடை சட்டையை இந்த முறை அளவுவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறோம்."

தொகையையும் தேதியையும் முதல் வரியில் போடவே போடாதீர்கள். "அக்டோபர் 14 அன்று ரூ.8,450-க்கு வாங்கிய" என்று தொடங்கினால், கடை வேவு பார்க்கிறது என்றுதான் படும். போனைப் பக்கத்தில் இருப்பவரும் பார்ப்பார். விலையை வீட்டில் குறைத்துச் சொன்னவர்கள் உண்டு!

தீபாவளிக்கு ஒருமுறையும் வாங்காத 900 பேருக்கு, கல்யாணத்துக்கோ பொங்கலுக்கோ வாங்கியதை நினைவூட்ட வேண்டாம். "மறுபடியும் தீபாவளி" என்பதும் அவர்களுக்குப் பொய். பழைய 860 பேருக்கு முழுப் பட்டியலையும் ஒரே நாளில் அனுப்பாமல் நூறு நூறாக அனுப்புங்கள். ஸ்பேம் புகார் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.3-ஐத் தொடவே கூடாது என்கிறது கூகுள். அன்றைக்கு 860 மெயில் மட்டும் போய், எல்லாம் ஜிமெயிலாக இருந்தால், மூன்று பேர் புகார் பொத்தானை அழுத்தினாலே அந்த எல்லை தாண்டிவிடும். எனவே பழையவர்களில் முதல் நூறில் ஒரு புகார் வந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

பெயரையும் பொருளையும் தானாக ஒட்டவிடுவது

ஆங்கில மெயிலில் பொருளின் பெயரை இடைவெளியில் செருகிவிடலாம். தமிழில் வேற்றுமை உருபு குறுக்கே நிற்கும். "[பொருள்]ஐ வாங்கினீர்கள்" என்று அமைத்தால் "வேட்டிஐ", "துண்டுஐ" என்று வந்து நிற்கும். வேண்டியது "வேட்டியை", "துண்டை". இதற்கு எளிய வழி, செருகுவதை விட்டுவிட்டுப் பிரிவுக்கு ஒரு முழு வரியை எழுதிவிடுவது. பெயரிலும் சிக்கல் உண்டு. முதல் பெயர்ப் பெட்டியில் தலைப்பெழுத்தை மட்டும் இட்டவர்கள் ஏராளம். "வணக்கம் R" என்று போகும். இரண்டு எழுத்துக்குக் குறைவான பெயர்களைக் காலியாக்கிவிட்டு, வெறும் "வணக்கம்" போடுங்கள்.

மொத்தமாக மெயில் அனுப்பும் சேவையான மெயில்சிம்ப்பில் `PIRIVU` என்று ஒரு பத்தியை ஏற்றினால், ஒரே மெயிலில் வரியை மாற்ற இது போதும்:

```
*|IF:PIRIVU=veliyur|*
முன்பு தீபாவளிக்கு எங்களிடமிருந்து வெளியூருக்குத் துணி அனுப்பினீர்கள்.
*|ELSEIF:PIRIVU=mottam|*
பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள்.
*|ELSE:|*
தீபாவளிக்குப் புதுத் தறிச் சேலைகள் வந்திருக்கின்றன.
*|END:IF|*
```

`ELSE` பகுதியை விட்டுவிட்டால், பத்தி காலியாக இருப்பவருக்கு முதல் வரியே இல்லாத மெயில் போகும். பத்தியில் `veliyur` என்பதை ஓரிடத்தில் `veliyoor` என்று அடித்திருந்தால் அவருக்குப் பொது வரி போகும். பிழை என்று எந்த எச்சரிக்கையும் வராது. ஆகவே உங்கள் சொந்த முகவரிகள் ஐந்தைப் பிரிவுக்கு ஒன்றாகச் சேர்த்து அனுப்பிப் பாருங்கள். இன்பாக்ஸில் தலைப்புக்குப் பக்கத்தில் என்ன தெரிகிறது என்றும் பாருங்கள். வார்ப்புருவின் உச்சியில் "இந்த மெயிலை உலாவியில் பார்க்க" என்ற இணைப்பு இருந்தால், திறக்கும் முன் தெரிவது நீங்கள் எழுதிய வரி அல்ல, அந்த இணைப்புத்தான்.

திங்களன்று எடுத்த பட்டியலை வியாழனன்று அனுப்புவது

இடையில் மூன்று நாளில் வாங்கி முடித்தவர்களுக்கு "இந்த முறையும் அனுப்புவதாக இருந்தால்" என்று போகும். அனுப்பும் காலையில் அன்றுவரை வந்த ஆர்டர்களை மறுபடி இறக்கி, அவர்களை எடுத்துவிடுங்கள். மெயிலின் அடியில், முழுதாக விலகும் இணைப்புக்கு மேலே, "இந்தத் தீபாவளிக்கு மட்டும் வேண்டாம்" என்று இன்னொரு இணைப்பும் வையுங்கள். வீட்டில் துக்கம் நேர்ந்த ஆண்டில் பல குடும்பங்கள் பண்டிகை கொண்டாடுவதில்லை. அது எந்த ஆர்டரிலும் தெரியாது. அந்த இணைப்பைத் தொட்டவர்களை ஒரு தனிப் பத்தியில் குறித்துவைத்து, பொங்கல் மெயிலுக்கு முன்பும் அந்தப் பத்தியைப் பாருங்கள். துக்கம் ஓராண்டு வரை நீளலாம்.