‘வேண்டும்’, ‘இல்லை’: காலம் காட்டாத வினைகளில் நேரும் தவறுகள்

‘கீழ்வருவனவற்றுள் குறிப்பு வினைமுற்று எது?’ என்று கேட்டு வேண்டினான், வேண்டும், இல்லை, வந்தது என நான்கு விடைகள் கொடுத்தால், பலர் ‘வேண்டும்’ என்பதில்தான் விழுவார்கள். காலம் காட்டாத சொல் எல்லாமே குறிப்பு வினை என்ற எண்ணம்தான் காரணம். சரியான விடை ‘இல்லை’.

‘வேண்டும்’ என்பதில் ‘வேண்டு’ என்ற வினைப்பகுதி தெளிவாக இருக்கிறது. அது ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டு முற்று; அதனால் குறிப்பு வினை ஆகாது. அதே பகுதி, கெஞ்சிக் கேட்டல் என்ற பொருளில் வரும்போது காலத்தையும் பாலையும் ஏற்கும்: வேண்டினான், வேண்டுகிறாள், வேண்டுவார்கள். கட்டாயத்தைக் குறிக்கும் ‘வேண்டும்’ மட்டும் அப்படித் திரியாது. நான் போக வேண்டும், நீ போக வேண்டும், அவர்கள் போக வேண்டும் என எல்லா இடத்துக்கும் ஒரே வடிவம்தான். ‘உம்’ ஈற்றைப் பார்த்து அதை எதிர்காலம் என்று எழுதுவதும் தவறு. ‘எனக்கு இப்போதே தண்ணீர் வேண்டும்’ என்பதில் எதிர்காலம் எங்கே?

‘இல்லை’ அப்படியல்ல. அதில் காலம் காட்டும் இடைநிலைக்கே இடமில்லை. ‘வேறு இல்லை உண்டு ஐம்பால் மூவிடத்தன’ என்கிறது நன்னூல்; ‘வேறு’, ‘இல்லை’, ‘உண்டு’ மூன்றும் ஐந்து பாலுக்கும் மூன்று இடத்துக்கும் பொது என்பது பொருள். அதனால் அவன் இல்லை, அவை இல்லை, நான் இல்லை எல்லாம் சரியே.

இந்தச் சலுகையை ‘அல்ல’ என்பதற்கும் நீட்டிவிடுகிறார்கள். ‘இது பழம் அல்ல’ என்பது செய்தித்தாளில்கூட இயல்பாகிவிட்டது. ஆனால் பிழைதிருத்த வினாவில் ‘இது பழம் அன்று’, ‘இவை பழங்கள் அல்ல’, ‘அவன் திருடன் அல்லன்’ என்றுதான் எழுத வேண்டும்.

அதிகம் தடுமாற வைப்பது கால மாற்றம். ‘நான் வங்கிக்குப் போக வேண்டும், நேரம் இல்லை’ என்பதை இறந்தகாலத்தில் எழுதச் சொன்னால், முன்னால் ‘நேற்று’ சேர்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ‘நேற்று நேரம் இல்லை’ என்பது நிற்கும்; ‘இல்லை’ என்பதன் காலத்தைப் பக்கத்துச் சொல்லே உணர்த்திவிடும். ‘நேற்று நான் போக வேண்டும்’ நிற்காது. அங்கே ‘இரு’ துணைக்கு வர வேண்டும்: ‘நேற்று நான் வங்கிக்குப் போக வேண்டியிருந்தது; நேரம் இல்லை.’ இறந்தகாலம் ‘இருந்தது’ என்பதன் ‘த்’ இடைநிலையில் இருக்கிறதே தவிர, ‘வேண்டி’யில் இல்லை. நாளையைச் சொல்ல ‘வேண்டியிருக்கும்’.

‘வரவில்லை’ என்பதற்கும் இதே கவனம் தேவை. அதை எப்போதும் இறந்தகாலம் என்று குறிக்கிறார்கள். ‘நேற்று மழை வரவில்லை’ இறந்தகாலம். ‘மருந்து குடித்தும் தூக்கம் வரவில்லை’ என்று ஒருவர் இந்த நிமிடம் சொன்னால் நிகழ்காலம். காலத்தைக் கேட்டால் வாக்கியம் முழுவதையும் படித்த பிறகே விடை எழுதுங்கள்.

எதிர்மறையாக்கும்போது இன்னொரு வழுக்கல் உண்டு. ‘நீ போக வேண்டும்’ என்பதற்கு எதிர்மறை ‘நீ போக வேண்டாம்’ அல்லது ‘போக வேண்டியதில்லை’. ‘நீ போகக் கூடாது’ என்று எழுதினால் தேவையின்மை தடையாக மாறிவிடும்.