ஜனாதிபதி ஒரு கட்சி, பிரதமர் எதிர்க்கட்சி: அரை ஜனாதிபதி முறையை வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி ஒரு பக்கம், நாடாளுமன்றப் பெரும்பான்மையை நம்பி நிற்கும் பிரதமர் இன்னொரு பக்கம். இருவருக்கும் நிறைவேற்று அதிகாரத்தில் பங்கு உண்டு. இதைத்தான் அரை ஜனாதிபதி முறை என்கிறோம். இருவரும் ஒரே கட்சியாக இருக்கும்வரை இந்த முறையின் தையல்கள் வெளியே தெரியாது. ஜனாதிபதியின் எதிர்க்கட்சி தேர்தலில் வென்று பிரதமர் பதவியைப் பிடித்தால்தான் அவை தெரியவரும். அந்த நிலையைச் சகவாழ்வு ஆட்சி என்று வைத்துக்கொள்வோம். பிரான்சில் அது மூன்று முறை வந்தது. இலங்கையில் அது நம் மக்களின் போரையும் சமாதானத்தையும் நேரடியாகத் தொட்டது. ஆனால் இரண்டையும் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்பச் சில தவறுகள் வருகின்றன.

பெயரை வைத்து அதிகாரத்தை எடைபோடுவது

பிரெஞ்சு ஜனாதிபதி மிகவும் பலமானவர் என்ற பேச்சு எல்லோருக்கும் தெரியும். அந்தப் பலத்தில் பெரும்பகுதி அரசியலமைப்பில் எழுதப்பட்டதல்ல. நாடாளுமன்றப் பெரும்பான்மை அவருடைய கட்சியிடம் இருப்பதால் வருவது அது. 1958 அரசியலமைப்பின் 20ஆவது பிரிவு, நாட்டின் கொள்கையைத் தீர்மானித்து நடத்துவது அரசாங்கம் என்கிறது. 21ஆவது பிரிவு, அந்த அரசாங்கத்தை வழிநடத்துவது பிரதமர் என்கிறது. பிரதமரைத் தன் விருப்பப்படி நீக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்கு அங்கே இல்லை. பிரதமர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தால்தான் அவர் பதவி முடியும். சொந்தக் கட்சிப் பிரதமர் கேட்டவுடன் கொடுத்துவிடுவார். எதிர்க்கட்சிக்காரர் ஏன் கொடுக்கப் போகிறார்?

1986 மார்ச் தேர்தலில் வலதுசாரிகள் வென்றார்கள். சோஷலிஸ்ட் ஜனாதிபதி மித்தராண்ட், ஜாக் சிராக்கைப் பிரதமராக்க வேண்டியதாயிற்று. பெருமளவிலான அரசு நிறுவனங்களைத் தனியார்மயமாக்க சிராக் ஓர் அவசரச் சட்டம் தயாரித்தார். ஜூலை 14 அன்று, அதில் கையெழுத்திட மாட்டேன் என்று மித்தராண்ட் அறிவித்தார். செய்தியாகப் பார்த்தால் பெரிய மோதல்தான். ஆனால் நடந்தது என்ன? சிராக் அதையே சாதாரண மசோதாவாக நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார். ஆகஸ்டிலேயே அது சட்டமானது. ஜனாதிபதியின் மறுப்பால் சில வாரங்கள் தாமதம், அவ்வளவுதான். இதை 'வீட்டோ' என்று எழுதுபவர்கள் மிகைப்படுத்துகிறார்கள்.

இன்னொரு பக்கம், மித்தராண்ட் வெறும் பொம்மையாகவும் ஆகிவிடவில்லை. புதன்கிழமை அமைச்சரவைக் கூட்டத்துக்கு அவர்தான் தொடர்ந்து தலைமை தாங்கினார். வெளியுறவு, பாதுகாப்பு ஆகிய இரண்டு பதவிகளுக்கும் சிராக் விரும்பிய பெயர்களை ஏற்க மறுத்து, வேறு ஆட்களைப் போடவைத்தார். அந்த ஆண்டு டோக்கியோவில் நடந்த ஜி7 மாநாட்டுக்கு இருவருமே போனார்கள். 'வெளிநாடு ஜனாதிபதிக்கு, உள்நாடு பிரதமருக்கு' என்று அரசியலமைப்பில் கோடு கிழித்திருப்பதாகப் பலர் எழுதுவதும் தவறு. அப்படி ஒரு கோடு அங்கே இல்லை. ஜனாதிபதி முப்படைகளின் தலைவர் என்று ஒரு பிரிவு சொல்கிறது, தேசியப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் பிரதமர் என்று இன்னொரு பிரிவு சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடத்தை மித்தராண்டும் சிராக்கும் பேரம் பேசித்தான் நிரப்பினார்கள்.

பாரிஸ் கண்ணாடியில் கொழும்பைப் பார்ப்பது

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் தவறு இதுதான். இலங்கையின் 1978 அரசியலமைப்பு பிரெஞ்சு முறையைத் தழுவியது என்று சொல்லிவிட்டு, சகவாழ்வு வந்தால் அங்கேயும் அதிகாரம் பிரதமரிடம் நகரும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஜே.ஆர். ஜெயவர்தன எழுதவைத்த ஏற்பாட்டில் ஜனாதிபதி அரச தலைவர் மட்டுமல்ல, அரசாங்கத்தின் தலைவரும் அவரே, அமைச்சரவையின் தலைவரும் அவரே. எந்த அமைச்சையும் தானே எடுத்துக்கொள்ளலாம். பிரதமரை ஒரு கடிதத்தால் நீக்கலாம். பொதுத் தேர்தல் முடிந்து ஓர் ஆண்டு கடந்துவிட்டால் நாடாளுமன்றத்தைக் கலைக்கலாம். கடைசியாகச் சொன்ன இந்த மூன்றில் பிரான்சில் ஜனாதிபதிக்குக் கலைக்கும் அதிகாரம் மட்டும்தான் உண்டு.

இது நடைமுறையில் என்ன செய்தது என்பதை 2001 முதல் 2004 வரையான காலத்தில் பார்க்கலாம். 2001 டிசம்பர் 5 தேர்தலில் ரணில் விக்கிரமசிங்கவின் ஐக்கிய தேசிய முன்னணி, 225 இடங்களில் 109 பெற்றது. முஸ்லிம் காங்கிரஸின் ஆதரவோடு அவர் பிரதமரானார். ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க, பாதுகாப்பு உட்பட அமைச்சுகளை ரணில் தரப்புக்கு விட்டுக்கொடுத்தார். வெளியிலிருந்து பார்த்தால் பிரான்ஸ் போலவே இருந்தது. 2002 பிப்ரவரியில் விடுதலைப் புலிகளுடன் போர்நிறுத்த உடன்படிக்கையில் அரசின் சார்பில் கையெழுத்திட்டவர் பிரதமர்தான். நோர்வேயின் அனுசரணையில் நடந்த பேச்சுகளையும் பிரதமரின் ஆட்களே நடத்தினார்கள்.

ஆனால் அந்த விட்டுக்கொடுப்பைக் கட்டாயமாக்கிய சட்டம் எதுவும் இல்லை. தேர்தல் முடிந்து ஓர் ஆண்டுவரை, அதாவது 2002 டிசம்பர்வரை, நாடாளுமன்றத்தைக் கலைக்க முடியாது என்பது ஒன்றுதான் ரணிலுக்கு இருந்த உறுதியான பாதுகாப்பு. ரணில் தரப்புக்கும் இது நன்றாகத் தெரிந்திருந்தது. கலைக்கும் அதிகாரத்தைக் கட்டுப்படுத்த 2002இலேயே ஒரு திருத்தம் கொண்டுவர முயன்றார்கள். அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 109 பேரை வைத்துக்கொண்டு அந்த இலக்கைத் தொடவே முடியாது. திருத்தம் நின்றுபோனது.

2003 அக்டோபர் 31 அன்று புலிகள் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கான யோசனையை வெளியிட்டார்கள். நான்கு நாள் கழித்து, நவம்பர் 4 அன்று, ரணில் வாஷிங்டனில் இருந்த நேரத்தில், சந்திரிகா பாதுகாப்பு, உள்துறை, ஊடகம் ஆகிய மூன்று அமைச்சுகளைத் தன் கையில் எடுத்தார். நாடாளுமன்ற அமர்வை இரண்டு வாரத்துக்கு ஒத்திவைத்தார். அரச ஊடக நிறுவனங்களுக்குப் படையினர் அனுப்பப்பட்டார்கள். இதில் எதற்கும் அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அதே மாதம் நோர்வே தன் அனுசரணைப் பணியை இடைநிறுத்தியது. பாதுகாப்புத் துறை யாரிடம் இருக்கிறது என்பதே தெளிவாக இல்லாதபோது, போர்நிறுத்தம் பற்றி யாரோடு பேசுவது? 2004 பிப்ரவரி 7 அன்று நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. ஏப்ரல் தேர்தலில் ரணில் தோற்றார்.

சமாதானப் பேச்சு முறிந்ததற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல வரவில்லை. புலிகள் ஏப்ரல் 2003இலேயே பேச்சிலிருந்து விலகியிருந்தார்கள். ஆனால் ஜனாதிபதியின் எதிர்ப்பை வெறும் 'தனிப்பட்ட பகை' என்று எழுதிவிட்டுப் போவது போதாது. அந்தப் பகைக்கு மூன்று அமைச்சுகளை ஒரே நாளில் பறிக்கும் வழியைத் திறந்துவைத்தது அரசியலமைப்பு.

இரண்டு கட்சி என்றாலே சகவாழ்வு என்று எண்ணுவது

2015இல் மைத்திரிபால சிறிசேனவும் ரணிலும் வேறு வேறு கட்சிக்காரர்கள்தான். ஆனால் சிறிசேன ஜனாதிபதியானதே ரணில் கட்சியின் வாக்குகளால். அது ஒரு கூட்டணி ஆட்சி. 2018இல் அது முறிந்த பிறகுதான் உண்மையான சகவாழ்வு வந்தது. பிரான்சில் 2024 கோடையில் ஜனாதிபதி மக்ரோன் நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தலில் பின்னடைந்த பிறகும் 'சகவாழ்வு வந்துவிட்டது' என்று பலர் எழுதினார்கள். அங்கே எந்த அணிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஆகவே ஜனாதிபதிக்கு எதிராகத் தானே ஆளக்கூடிய பிரதமர் என்று யாரும் உருவாகவில்லை. அவர் நியமித்த பிரதமர் பார்னியே மூன்றே மாதத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் வீழ்ந்தார். அது தொங்கு நாடாளுமன்றத்தின் பிரச்சினை. எதிர்த்தரப்பிடம் உறுதியான பெரும்பான்மை இருக்கிறதா என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

திருத்தம் எழுதினால் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பது

2015இல் நிறைவேறிய 19ஆம் திருத்தம், பிரதமரை நீக்கும் அதிகாரத்தை ஜனாதிபதியிடமிருந்து எடுத்தது. நாலரை ஆண்டு முடியும்வரை, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கேட்டாலொழிய, நாடாளுமன்றத்தைக் கலைக்க முடியாது என்றும் சொன்னது. 2018 அக்டோபர் 26 இரவு சிறிசேன, ரணிலை நீக்கி மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். பெரும்பான்மை கிடைக்கவில்லை என்றானதும் நவம்பர் 9 அன்று நாடாளுமன்றத்தையே கலைத்தார். உயர் நீதிமன்றம் முதலில் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. டிசம்பர் 13 அன்று ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக, கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார்கள். மூன்று நாளில் ரணில் மீண்டும் பதவியேற்றார். 2003இல் சட்டப்படி முடிந்தது 2018இல் முடியாமல்போனது. திருத்தம் வேலை செய்தது என்பது உண்மை.

ஆனால் பதவி திரும்பக் கிடைத்தது, அதிகாரம் முழுதாகக் கிடைக்கவில்லை. 19ஆம் திருத்தத்தின் இடைக்கால ஏற்பாட்டின்படி பாதுகாப்பு அமைச்சு சிறிசேனவிடமே இருந்தது. பொலிஸையும் அவர் தன்கீழ் வைத்துக்கொண்டார். அக்டோபருக்குப் பிறகு தேசியப் பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குத் தனக்கு அழைப்பே வரவில்லை என்று ரணில் பின்னர் நாடாளுமன்றத் தெரிவுக்குழு முன் சொன்னார். 2019 ஏப்ரல் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து தாக்குதல் எச்சரிக்கை வந்தது. அது பிரதமரை எட்டவில்லை. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று, கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக 10 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கும்படி 2023இல் உயர் நீதிமன்றம் சிறிசேனவுக்கு உத்தரவிட்டது. பதவி நீக்கத்தையும் கலைப்பையும் மட்டும் அடைத்துவிட்டு, தகவல் யார் மேசைக்குப் போகிறது என்பதைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் எனக்குத் தெரியாது.

நாட்காட்டியைக் கவனிக்காமல் விடுவது

சகவாழ்வில் இரு தரப்பும் அடுத்த தேர்தல் நாளை எண்ணிக்கொண்டேதான் இருக்கும். பிரான்ஸ் இதைத் தேதியை மாற்றியே சமாளித்தது. 2000ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் ஜனாதிபதியின் காலத்தை ஏழிலிருந்து ஐந்து ஆண்டாகக் குறைத்தார்கள். அப்புறம் நாடாளுமன்றத் தேர்தலை ஜனாதிபதித் தேர்தலுக்குப் பின்னால் வைத்தார்கள். புது ஜனாதிபதிக்கே பெரும்பான்மை கொடுக்கும் பழக்கம் வாக்காளர்களிடம் உண்டு என்பது கணக்கு. 2002க்குப் பிறகு அங்கே முழுமையான சகவாழ்வு வரவில்லை.

இலங்கையில் அந்த வேலையைக் கலைக்கும் காலவரம்பு செய்கிறது. 19ஆம் திருத்தம் வைத்த நாலரை ஆண்டு பின்னர் மாற்றப்பட்டது, இப்போது அது இரண்டரை ஆண்டு. 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானபோது அவருடைய அணிக்கு நாடாளுமன்றத்தில் இருந்தது மூன்றே இடங்கள். அந்த நாடாளுமன்றம் 2020 ஆகஸ்டில் தெரிவானது, வரம்பு எப்போதோ கடந்திருந்தது. பதவியேற்ற மறுநாளே கலைத்தார், நவம்பரில் 159 இடங்கள் கிடைத்தன. அந்த நாடாளுமன்றத்துக்கு ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தால், அவர் எதிர்க்கட்சிப் பெரும்பான்மையோடு இன்னும் ஒன்றரை ஆண்டு ஆளவேண்டி வந்திருக்கும்.