பெட்டியின் படத்தைப் பார்த்துவிட்டு 32 வாங்கப் போகாதீர்கள்

போன மாரிக்கு முன்னம் விசுவமடுவிலிருந்து மருமகன் வட்சப்பில் ஒரு படம் அனுப்பினான். கரண்ட் பெட்டியின் மூடி திறந்திருக்கிறது, பிறேக்கர்களின் எல்லா நாக்கும் மேலே. கீழே குரல் பதிவு: "மாமா, கிணத்து மோட்டர் போட்ட உடன பிறேக்கர் விழுது. பக்கத்து வீட்டு அண்ணை 32 அம்பியர் போடச் சொல்றார். கடைக்குப் போறன், வாங்கட்டோ?"

இருபது வருசமாக வன்னியில் வயரிங் வேலை செய்கிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வீடுகள் திரும்பக் கட்டப்பட்ட காலத்தில் பூட்டிய பெட்டிகள்தான் இப்போது இப்படிப் படமாகத் திரும்பி வருகின்றன. அந்தப் படங்களை வாசிப்பதில் எல்லாரும் விடும் பிழைகளில் பாதி அவனுடைய ஒரே படத்தில் இருந்தது.

முதல் பிழை, நாக்கை மேலே தள்ளிவிட்டுப் படம் எடுத்தது. எது விழுந்தது என்பதுதான் எனக்கு முதலில் தெரியவேண்டும். விழுந்தபடியே ஒரு படம் எடுங்கள், அப்புறம் தூக்குங்கள். பிளாஷ் போட்டால் பிளாஸ்டிக்கில் பட்டு எழுத்து வெளிறிவிடும், ஆகவே கொஞ்சம் சரிந்து நின்று, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். படத்துக்காக முன் மூடியின் ஸ்குரூவைக் கழற்றவே கூடாது. மெயின் சுவிட்சை நிறுத்தினாலும் அதற்கு மேலே வந்து சேரும் வயரில் கரண்ட் இருந்துகொண்டேயிருக்கும்.

சரி, படத்தில் என்ன இருந்தது? இடப்பக்கம் இரண்டு பங்கு அகலத்தில் ஒன்று, அதில் சின்ன பட்டன் ஒன்று. பக்கத்தில் ஒற்றை அகலத்தில் நாலு பிறேக்கர். அகலமானதில் 40A என்று இருப்பதைப் பார்த்து மருமகன், "அது 40 இருக்குத்தானே, வீட்டைப் பாதுகாக்கும்" என்றான். இல்லை. பட்டன் உள்ளது ட்றிப் சுவிட்ச். 40 என்பது அதன் வழியாக அவ்வளவு கரண்ட் போகலாம் என்ற கணக்குத்தான். 50 இழுத்தாலும் அது விழாது, சூடாகும். அது விழுவது கரண்ட் வழி தவறி நிலத்துக்கோ உங்கள் உடம்புக்கோ கசியும்போது மட்டும். எவ்வளவு கசிந்தால் விழும் என்பது பக்கத்தில் IΔn என்ற அடையாளத்தோடு இருக்கும்: 30mA அல்லது 0.03A. இரண்டும் ஒன்றுதான். மங்கலான படத்தில் இந்த இடத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். 0.03 இற்கும் 0.3 இற்கும் நடுவில் ஒரு பூச்சியம்தான் வித்தியாசம். ஆனால் 0.3 என்பது 300 மில்லி அம்பியர். அது ஆளைக் காப்பாற்றும் அளவு இல்லை. பழைய பெட்டிகளில் நான் 0.1 உம் கண்டிருக்கிறேன், அதுவும் போதாது.

அடுத்தது அந்த நாலு சின்னப் பிறேக்கர். சதுரக் கட்டத்துக்குள் 6000 என்று இருக்கும். அதை வாட் என்று நினைத்து "6000 வாட் தாங்குமே மாமா" என்று சொல்பவர்கள் ஏராளம். வயர் முட்டிச் சோட்டாகும்போது ஒரு கணம் பாயும் பெரிய கரண்டில், 6000 அம்பியர் வரை உடையாமல் துண்டிக்கும் என்பதே அதன் பொருள். 230/400V என்பதும் அப்படித்தான், உங்கள் வீட்டுக்கு 400 வோல்ட் வருகிறது என்று அர்த்தமில்லை.

உண்மையில் வாசிக்கவேண்டியது ஓர் எழுத்தும் ஓர் இலக்கமும். மோட்டருடையதில் B10 என்று இருந்தது. எல்லாரும் 10ஐப் பார்ப்பார்கள், Bஐப் பார்ப்பதில்லை. அந்த வீட்டின் கதையே அந்த எழுத்துக்குள்தான் இருந்தது.

கணக்குப் பார்ப்போம். கிணற்றில் இருப்பது ஒரு குதிரைவலு மோட்டர், ஓடும்போது ஏறக்குறைய 6 அம்பியர் இழுக்கும். 10 அம்பியர் பிறேக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் சுவிட்ச் போட்ட அந்த நொடியில், சுற்றத் தொடங்க முன்னம், மோட்டர் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதாவது 30 முதல் 36 வரை. B வகை, தன் இலக்கத்தின் 3 முதல் 5 மடங்குக்குள் உடனே விழும். B10 என்றால் 30 இற்கும் 50 இற்கும் இடையில். மோட்டர் தொடங்குவதும் பிறேக்கர் விழுவதும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. அதனால்தான் ஒருநாள் விழும், இன்னொரு நாள் விழாது. C வகை 5 முதல் 10 மடங்கில் விழும். C10 ஆனால் 50 வரை பொறுக்கும், மோட்டர் தாண்டிவிடும். 10 அப்படியே இருக்கட்டும், எழுத்து மட்டும் மாறினால் போதும்.

பக்கத்து வீட்டு அண்ணை சொன்ன 32 போட்டிருந்தாலும் மோட்டர் தொடங்கியிருக்கும். அதுதான் ஆபத்து, வேலை செய்வதால் சரி என்று நம்பிவிடுவோம். பிறேக்கர் காவல் காப்பது மோட்டரை அல்ல, சுவருக்குள் போகும் வயரை. கிணற்றுக்குப் போனது கடையில் 7/0.67 என்று கேட்டு வாங்கும் வயர், அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர். குழாய்க்குள் போகும்போது 20 அம்பியரைச் சுற்றித்தான் அது நிம்மதியாகத் தாங்கும். மணல் இறுகி மோட்டர் சுற்றத் திணறி 28 அம்பியர் இழுத்தால் 32 பிறேக்கருக்கு அது தெரியவே தெரியாது. வயரின் உறை இளகும், மோட்டர் கருகும், பிறேக்கர் நிமிர்ந்தே நிற்கும். வயரின் தடிப்பு எந்தப் படத்திலும் தெரியாது. ஆகவே படத்தை வைத்துக்கொண்டு இலக்கத்தைக் கூட்டச் சொல்பவரை நம்பாதீர்கள், அது நானாக இருந்தாலும்.

C போடுவதிலும் ஓர் எல்லை உண்டு. C10 உடனே விழுவது உறுதி என்று சொல்ல சோட்டில் 100 அம்பியர் பாயவேண்டும். கிணறு வளவின் கடைசியில் இருப்பதால் வயர் நீண்டு போனால் அதன் தடையே அந்தக் கரண்டைக் குறைத்துவிடும். மருமகன் வீட்டில் 25 மீற்றர்தான், பிரச்சினை இல்லை. 100 மீற்றர் என்றால் அளந்து பார்க்காமல் மாற்றமாட்டேன், பெரும்பாலும் வயரைத்தான் தடிப்பாக்கச் சொல்வேன்.

எழுத்தை மாற்ற முன்னம் அவனிடம் ஒன்று கேட்டேன்: "போட்ட உடனயோ, கொஞ்சம் ஓடின பிறகோ?" போட்ட உடன் என்றான். பத்து நிமிடம் ஓடியபின் விழுந்தால் அது தொடக்கக் கரண்ட் அல்ல. பம்ப் இறுகியிருக்கும், அல்லது லைனின் கடைசி வீடு என்பதால் வோல்ட் குறைந்து மோட்டர் கூட இழுக்கும். அங்கே C போட்டாலும் விழும், விழவும் வேண்டும். சின்னப் பிறேக்கர் அசையாமல் பட்டன் உள்ள ட்றிப் சுவிட்ச் விழுந்தால் கதை வேறு. மழைக்குப் பிறகு மோட்டருக்குள் ஈரம் போய்க் கசிகிறது. அதற்குப் பெட்டியில் மாற்ற ஒன்றுமில்லை, மோட்டரைத் தூக்கிக் காயவைத்துச் சோதிக்கவேண்டும். சிலர் அந்த ட்றிப் சுவிட்சை விட்டுவிட்டு நேரே வயரைக் கொடுப்பார்கள். ஈரக் கையோடு மோட்டரைத் தொடும் வீட்டில் அதைச் செய்வது கொலைக்குச் சமம்.

அடுத்தநாள் நானே போய் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு C10 பூட்டினேன். மூடிக்குள் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தது: "லைற்", "பிளக்", "குசினி", "மோட்டர்". மோட்டர் என்றிருந்ததை ஒருமுறை கீழே தள்ளிப் பார்த்தேன். குசினிக்குள்ளிருந்து தங்கச்சி கத்தினாள்: "அண்ணை, பிரிட்ஜ் நிண்டிட்டுது!" வீட்டைப் பின்னுக்கு நீட்டும்போது யாரோ அந்த வயரிலேயே ஒரு பிளக்கைத் தொடுத்திருக்கிறார்கள். பிரிட்ஜை குசினி வயருக்கு மாற்றிக் கொடுத்தேன். மருமகனைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கீழே தள்ளச் சொல்லி, எது நிற்கிறதோ அதையே புதுத் துண்டில் எழுதவைத்தேன். முடிய ஒரு மணித்தியாலம் ஆனது.