மாணவர் இடைநீக்கம்: பெற்றோருக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன், மதிய இடைவேளைச் சண்டையில் ஸ்டீல் தண்ணீர் பாட்டிலால் சக மாணவனின் நெற்றியில் அடித்துவிட்டான், நான்கு தையல் என்று வைத்துக்கொள்வோம். சம்பவம் 2025 ஆகஸ்ட் 11, திங்கள். பள்ளி மூன்று நாள் இடைநீக்கம் செய்ய முடிவெடுக்கிறது.

முதலில் விசாரணை. அடித்த மாணவனும் பார்த்தவர்களும் சொன்னதை எழுதி, கையெழுத்து வாங்கி வையுங்கள். அவன் தரப்பைக் கேட்காமல் கடிதம் எழுதவே கூடாது. பெற்றோர் கேட்கும் முதல் கேள்வியே, "என் பையன் என்ன சொன்னான்?" என்பதாகத்தான் இருக்கும்.

அடுத்து, காரணம். "ஒழுங்கீனமாக நடந்துகொண்டான்" என்று எழுதினால் ஒன்றும் விளங்காது. நடந்ததை மட்டும் எழுதுங்கள்:

"11.08.2025 அன்று மதியம் 12.50 மணியளவில், தங்கள் மகன் குடிநீர்க் குழாய் அருகே சக மாணவர் ஒருவரை ஸ்டீல் பாட்டிலால் நெற்றியில் அடித்தார். அம்மாணவருக்கு நான்கு தையல் போடப்பட்டது. தன்னைக் கேலி செய்ததால் அடித்ததாகத் தங்கள் மகன் எழுதிக் கொடுத்துள்ளார். கேலி செய்தது குறித்துத் தனியாக விசாரிக்கிறோம்."

அடிபட்ட மாணவனின் பெயர் இதில் வேண்டாம். கடிதம் வாட்ஸ்அப்பில் சுற்றினால் அந்தப் பிள்ளைக்கும் சிக்கல். "ரவுடித்தனம்" போன்ற சொற்களும் வேண்டாம். இந்தத் தாள் அவனுடைய கோப்பில் இருக்கப்போகிறது.

பலரும் தடுமாறுவது தேதியில்தான். "13ஆம் தேதி முதல் மூன்று நாள்" என்று எழுதினால், 15ஆம் தேதி சுதந்திர தினம், பிறகு சனி, ஞாயிறு. எப்போது வருவது என்று குழப்பம். "ஆகஸ்ட் 13, 14, 18 ஆகிய மூன்று பள்ளி வேலை நாட்கள், 19ஆம் தேதி செவ்வாய் காலை 8.45க்குத் திரும்பலாம்" என்று எழுதிவிடுங்கள். அந்த நாட்களின் பாடத்தை யாரிடம் வாங்குவது, தேர்வு இருந்தால் எப்போது எழுதுவது என்பதையும் சேருங்கள். படிப்பை இழப்பது தண்டனையில் சேராது.

சரி, திரும்பி வருவதற்கான நிபந்தனைகள். செய்ய முடிந்தவை மட்டும் இருக்கட்டும்: பெற்றோரில் ஒருவர் உடன் வந்து தலைமையாசிரியரைச் சந்திக்க வேண்டும், இனி கைநீட்ட மாட்டேன் என்று மாணவர் எழுதித் தர வேண்டும், இரண்டு வாரம் மதிய இடைவேளையில் வகுப்பாசிரியரின் பார்வையில் இருக்க வேண்டும். எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள். அது அவமானம், பகையை வளர்க்கும். கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்குக் காலையில் வருவது கடினம் என்றால் மாலையில் வரலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

"அடுத்த முறை டி.சி.தான்" என்ற மிரட்டல் கூடவே கூடாது. எட்டாம் வகுப்பு வரையிலான படிப்பை முடிக்காத பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்ற 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 16 அனுமதிப்பதில்லை. இவன் பதினொன்றாவது என்றாலும், மறுபடி தவறு நடந்தால் முறைப்படி விசாரிக்கப்படும் என்று எழுதினால் போதும்.

கடிதத்தை மாணவன் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். பெற்றோருக்கு போன் செய்து வரவழைத்து, படித்துக் காட்டி, நகலில் தேதியுடன் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்திட மறுத்தால் வற்புறுத்தாமல், அதையே நகலில் குறித்துவிட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைக் கோப்பில் வையுங்கள்.