பத்தாயிரம் கட்டினால் அசலில் பத்தாயிரம் குறைந்துவிடாது: நகைக்கடன் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகையை மீட்கப் போகும் நாளில், கையில் கொண்டுபோன பணம் ஐயாயிரம் ரூபாய் போதாமல் திரும்பி வருபவர்கள் உண்டு. கணக்கில் ஏமாற்றிவிட்டார்கள் என்பதுதான் முதல் சந்தேகம். பெரும்பாலும் அப்படி இருக்காது. நடுவில் கட்டிய பணம் எதற்குப் போனது என்பதைக் கடன் கணக்கு அறிக்கையில் பார்க்காமல் விட்டதுதான் காரணமாக இருக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025 ஜனவரி 6 அன்று ஒருவர் 1,00,000 ரூபாய் கடன் வாங்குகிறார். ஆண்டுக்கு 12 சதவீதத் தனிவட்டி. அசலையும் வட்டியையும் ஓர் ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்ட வேண்டும். நாள் வட்டி ஏறக்குறைய 33 ரூபாய். ஜூன் 5 அன்று, அதாவது 150 நாள் கழித்து, கையில் பணம் சேர்ந்ததும் 10,000 ரூபாய் கட்டுகிறார். இனி அசல் 90,000 என்று மனத்தில் குறித்துக்கொள்கிறார். முதல் தவறு இங்கேதான்.

பகுதித் தொகையாகக் கட்டும் பணம் வழக்கமாக முதலில் நிலுவையில் உள்ள கட்டணங்களுக்கும், அடுத்து அன்றுவரை சேர்ந்த வட்டிக்கும் போகும். மிச்சம் இருந்தால்தான் அசலைத் தொடும். 150 நாளுக்கான வட்டி 4,932 ரூபாய். ஆகவே அசலில் கழிவது 5,068 மட்டுமே. புதிய அசல் 94,932 ரூபாய். மீதியுள்ள 215 நாளுக்கு இதன்மேல் 6,710 ரூபாய் வட்டி ஏறும். கெடு நாளான 2026 ஜனவரி 6 அன்று கட்ட வேண்டியது 1,01,642 ரூபாய். அவர் நினைத்திருந்ததோ 90,000 அசலும் அதற்கான 6,362 ரூபாய் வட்டியும், மொத்தம் 96,362. இடைவெளி 5,280 ரூபாய்.

பகுதித் தொகை கட்டியது வீண் என்று இதற்குப் பொருளில்லை. கட்டாமலே விட்டிருந்தால் ஆண்டு முடிவில் 1,12,000 ஆகியிருக்கும். அசலில் கழிந்த 5,068 ரூபாய்க்கு 215 நாள் வட்டியான 358 ரூபாய் அவருக்கு மிச்சம்தான். ஆனால் இதே பத்தாயிரத்தை 4,000 ரூபாயாகவும் 6,000 ரூபாயாகவும் பிரித்து, முதல் பகுதியை மட்டும் அன்று கட்டியிருந்தால் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. 932 ரூபாய் வட்டியும் பாக்கி நின்றிருக்கும். பணம் கட்டியதும் கையில் வரும் ரசீதில் மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல், வட்டிக்கு எவ்வளவு, அசலுக்கு எவ்வளவு என்ற பிரிவைப் பாருங்கள். பிரித்துக் காட்டாத ரசீது என்றால், அப்போதே கவுண்டரில் கேட்டு அசல் நிலுவையை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அலைபேசிச் செயலியில் கட்டினாலும் மறுநாள் அசல் நிலுவை மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது தவறு, ‘செலுத்த வேண்டிய வட்டி’ என்ற எண்ணை நிலையானதாக எடுத்துக்கொள்வது. அது அறிக்கை எடுத்த நாளுக்கான எண். மேலே சொன்ன கடனில் அறிக்கையை எடுத்து இரண்டு நாள் கழித்து அதே தொகையைக் கட்டினால் 66 ரூபாய் பாக்கி விழும். அற்பத் தொகைதான். ஆனால் சில நிதி நிறுவனங்களின் திட்டங்களில் அந்த அற்பம் பெரிதாகிவிடும்.

அந்தத் திட்டங்களில் வட்டி விகிதம் நாள் கணக்கில் படிப்படியாக உயரும். எடுத்துக்காட்டாக, 90 நாளுக்குள் வட்டியைக் கட்டினால் 10 சதவீதம். தாண்டினால் கடன் வாங்கிய முதல் நாளிலிருந்தே 16 சதவீதம் என்று ஒரு திட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு லட்சத்துக்கு 90ஆம் நாள் வட்டி 2,466 ரூபாய். 91ஆம் நாள் 3,989 ரூபாய். ஒரே இரவில் 1,523 ரூபாய் ஏறிவிடுகிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது அந்த 10 சதவீதம்தான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. குறைந்த விகிதம் தொடர வேண்டுமென்றால் வட்டியை முழுமையாகக் கட்டியிருக்க வேண்டும் என்பது இத்தகைய திட்டங்களின் பொதுவான நிபந்தனை. அறிக்கையில் ‘எந்தத் தேதி வரை வட்டி செலுத்தப்பட்டுள்ளது’ என்ற வரியைத் தேடுங்கள். நீங்கள் பணம் கட்டிய நாளும் அந்தத் தேதியும் ஒத்துப்போகவில்லை என்றால் வட்டி முழுதாகத் தீரவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

வங்கிகளில் கவனிக்க வேண்டியது வேறு. சில கணக்குகளில் மாதக் கடைசியில் வட்டியைப் பற்று எழுதி நிலுவையோடு சேர்த்துவிடுவார்கள். அடுத்த மாதம் அந்த வட்டிக்கும் வட்டி. அப்படியானால் ஒரு லட்சம் ஆண்டு முடிவில் 1,12,000 ஆகாது, 1,12,683 ஆகும்.

மூன்றாவது தவறு புதுப்பிக்கும் தேதியைப் பற்றியது. பகுதித் தொகை கட்டியதால் கெடு தள்ளிப்போகாது. நம் எடுத்துக்காட்டில் ஜூனில் பத்தாயிரம் கட்டியவருக்கும் கெடு ஜனவரி 6தான். கெடு நாளில் வட்டியை மட்டும் இணையவழியில் அனுப்பிவிட்டால் கடன் தானாகப் புதுப்பிக்கப்பட்டுவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பதும் ஆபத்து. புதுப்பிப்பது என்பது நடைமுறையில் புதிய கடன்: புதிய கையெழுத்து, அன்றைய வட்டி விகிதம், அன்றைய நகை மதிப்பு. பழைய கடன் எண்ணில் வட்டி மட்டும் வரவாகி, புதுப்பித்ததற்கான சீட்டு உங்களிடம் இல்லையென்றால், அந்தக் கடன் கெடு தாண்டியதாகவே நிற்கும். ஏல அறிவிப்பு வருவதும் அந்தப் பழைய எண்ணுக்குத்தான்.

ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளை 2026 ஏப்ரல் 1க்குள் நடைமுறைப்படுத்துமாறு கடன் தரும் நிறுவனங்களுக்குச் சொல்லப்பட்டது. அவற்றின்படி, மொத்தமாகக் கட்டும் நகைக்கடனை, அதுவரை சேர்ந்த வட்டியைத் தீர்த்த பிறகே புதுப்பிக்கலாம். கடன் வாராக்கடன் ஆகியிருக்கக் கூடாது. தொகையும் நகை மதிப்பின் வரம்புக்குள் அடங்க வேண்டும். சொந்தச் செலவுக்கான கடன் 2.5 லட்சம் ரூபாய் வரை என்றால் அந்த வரம்பு 85 சதவீதம். இங்கே பலர் செய்யும் தவறு, வரம்பை அசலுக்கு மட்டும் பார்ப்பது. ஆண்டு முடிவில் சேரப்போகும் வட்டியையும் சேர்த்தே பார்ப்பார்கள். 94,932 ரூபாயை அதே 12 சதவீதத்தில் புதுப்பிக்க வேண்டுமென்றால், ஆண்டு முடிவுத் தொகை 1,06,324. அதற்கு நகை மதிப்பு குறைந்தது 1,25,100 ரூபாய் அளவில் இருக்க வேண்டும். கல், அரக்கு எடை இதில் சேராது. விலையும் கடைவீதி விலையல்ல: முந்தைய 30 நாள் சராசரி, முந்தைய நாள் முடிவு விலை இரண்டில் எது குறைவோ அது. மதிப்பு போதவில்லை என்றால் வட்டியோடு அசலிலும் ஒரு பகுதியைக் கட்டும்படி கேட்பார்கள். ஆகவே கெடுவுக்குச் சில வாரம் முன்பே கிளையில் கேட்டுவைத்தால் பணம் புரட்ட நேரம் கிடைக்கும்.

இனி அடகு வைக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. அசலில் பாதியைக் கட்டிவிட்டு ஒரு வளையலை மட்டும் திருப்பித் தரச் சொன்னால், ஒரே எண்ணில் எல்லா நகையும் இருக்கும்போது பல இடங்களில் மறுத்துவிடுவார்கள். விசேஷத்துக்கு எது முதலில் தேவைப்படும் என்று தெரிந்தால், அதைத் தனி எண்ணில் தனிக் கடனாக வையுங்கள். கட்டும் பணத்தை அந்தக் கடனில் மட்டும் கட்டி, அதை முழுதாகத் தீர்த்து, அந்த நகையை வாங்கி வந்துவிடலாம்.